கைப்பையில் இல்லாத முப்பத்தேழு எண்கள்

பிரேமிளாவின் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. பைப் வாங்க வந்த ஆறு பேர் கவுண்டருக்கு முன்னால் நின்றார்கள். தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். உள்ளே அலுவலக அறை இருக்கிறது, அதற்குக் கதவும் இருக்கிறது. ஆனால் முகாமையாளர் ரஜிதன் அந்த ஆறு பேருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னான்.

"அக்கா, உங்கடை பாக்கை ஒருக்காத் திறந்து காட்டுங்கோ."

பிரேமிளாவுக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ பேனையைத் தேடுகிறான் என்று நினைத்துத் திறந்தாள். சாப்பாட்டுப் பெட்டி, மடக்குக் குடை, பனடோல் மாத்திரை அட்டை, மகளின் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கடிதத் துண்டு ஒன்று. அவ்வளவுதான் உள்ளே இருந்தது. அவன் அதையெல்லாம் மேசையில் கொட்டிவிட்டு, கையில் இருந்த பட்டியலை வாசித்தான். மூன்று மாதத்தில் ஐம்பத்திரண்டு பில் எண்களைக் காணவில்லை. அதில் முப்பத்தேழு இவளுடைய கவுண்டரில் போனவை.

"முப்பத்தேழு பில்லை அடிச்சுப்போட்டு அழிச்சிருக்கிறீங்கள். சாமானும் போச்சு, காசும் போச்சு. எங்கை அக்கா போச்சு?"

நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணிடம், தன்னைவிடப் பத்து வயது கூடியவளிடம், இப்படி ஒருவன் சந்தியில் நிற்கிற மாதிரி நின்று கேட்டான். முதலாளியின் தங்கை மகன் என்பதைத் தவிர அவனுக்கு அந்தத் தைரியம் வர வேறு காரணம் இல்லை.

கிளிநொச்சி டவுனில், ஏ-ஒன்பது வீதியோரம் இருக்கிற தில்லைநாதனின் கடையைத் தெரியாத கமக்காரர் குறைவு. தண்ணீர் மோட்டர், பைப், முள்ளுக்கம்பி, மருந்து அடிக்கிற தாங்கி, மண்வெட்டி எல்லாம் அங்கே உண்டு. பில் போட மூன்று கவுண்டர்கள். வாசலோடு இருக்கிற முதலாவதில் பிரேமிளா, பைப் அடுக்கியிருக்கிற பக்கம் லக்சிகா, பின்னுக்குக் களஞ்சியத்தடியில் கலிஸ்ரா. மூன்று கணினிகளும் அலுவலக அறையில் இருக்கிற, சேர்வர் என்கிற ஒரு பெரிய கணினியோடு இணைக்கப்பட்டவை.

பில் எண் என்றால் என்ன என்று பிரேமிளாவுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இந்தக் கடைக்கு வர முன்னர் பதினொரு வருடம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை நிலையத்தில் இருந்தவள். அங்கே அச்சடித்த பில் புத்தகம். ஒவ்வொரு தாளிலும் எண் சிவப்பில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி. எழுதும்போது பிழைத்துவிட்டால் தாளைக் கிழித்தெறிய முடியாது. குறுக்கே இரண்டு கோடு போட்டு, இரத்து என்று எழுதி, ஏன் என்று ஒரு வரி எழுதி, கையெழுத்து வைத்து, மூன்று பிரதியையும் புத்தகத்தோடேயே சேர்த்துக் குத்திவிட வேண்டும். ஒருமுறை மழை ஒழுக்கில் நனைந்து கூழான ஒரு தாளைக்கூட அவள் வெயிலில் காயவைத்து ஒட்டியிருக்கிறாள். பதினொரு வருடத்தில் ஒரு தாள் குறைந்தது என்று ஒரு கணக்காய்வாளரும் அவளிடம் வந்ததில்லை. அவளுக்கு நகை நட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இந்த ஒன்றைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் பாக்கைத் திறக்கச் சொன்னார்கள்.

"சாமான் போனதெண்டால் களஞ்சியத்திலை குறையவேணுமே," என்றாள் பிரேமிளா. "போய் எண்ணிப் பாருங்கோ. ஒரு மோட்டர் குறையுதோ, ஒரு பைப் குறையுதோ எண்டு பாருங்கோ."

"ஸ்ரொக் எண்ணுறது வருச முடிவிலைதான்," என்றான் ரஜிதன்.

ஒருத்தியின் மானத்தை நடுக்கடையில் விரித்துப் போட நேரம் இருக்கிறது, களஞ்சியத்துக்குப் போய் எண்ணிப் பார்க்க நேரம் இல்லை. நீதி இப்படி!

பின்னேரம் கடிதம் வந்தது. கடை அனுப்புகிற கடிதங்களுக்கும் வரிசை எண் உண்டு. இது பதினான்காவது. எச்சரிக்கைக் கடிதம் என்று தலைப்பு. காணாமல் போன முப்பத்தேழு பில்லுக்கும் ஒரு கிழமைக்குள் விளக்கம் தரவேண்டும், தராவிட்டால் வேலை இல்லை, விசயம் பொலிசுக்கும் போகும். கூடவே அந்த முப்பத்தேழு எண்களும், ஒவ்வொன்றுக்கும் நேராகத் திகதியும் நேரமும் கவுண்டரும் போட்ட பட்டியல். பெற்றுக்கொண்டேன் என்று பிரதியில் ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். முதலாளி தில்லைநாதன் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்பது வருடம் தன் கடையில் வேலை செய்தவளைக் கூப்பிட்டு, என்ன பிள்ளை நடந்தது என்று ஒரு சொல் கேட்கவில்லை.

கண்டாவளைக்குப் போகிற பஸ்ஸில் பின் ஆசனத்தில் இருந்த ஒரு பெண், தெரிந்த முகம்தான், எட்டிக் கேட்டாள்.

"என்ன பிரேமிளா, கடையிலை ஏதோ பிரச்சினையாம்?"

காலையில் நடந்தது பின்னேர பஸ்ஸில் அவளுக்கு முதலே ஏறிவிட்டது. "ஓம், பிரச்சினைதான். பிரச்சினை என்ரையில்லை," என்று சொல்லிவிட்டு அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலை போனால் வேறு வேலை தேடலாம். ஆனால் பில் அழித்துக் காசெடுத்தவள் என்று பெயர் எடுத்த பிறகு இந்த டவுனில் எந்தக் கடைக்காரன் அவளைக் கவுண்டரில் இருத்துவான்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பில் போடுகிற வேலைதானே.

வீட்டில் கடவுளே என்று இருந்துவிட அவளால் முடியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். போன வருடம்தான் கடையில் புத்தகத்தை விட்டுவிட்டுக் கணினியில் பில் போடத் தொடங்கினார்கள். வவுனியாவில் இருந்து சுகிர்தன் என்ற பொடியன் வந்து செய்து கொடுத்தான். கெட்டிக்காரன், ஆனால் வாய் திறக்க மாட்டான். ஆரம்பத்தில் கணினி, கடைசிப் பில்லின் எண்ணைப் பார்த்து ஒன்றைக் கூட்டி அடுத்த எண்ணைப் போட்டது. கேட்க நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் லக்சிகாவும் கலிஸ்ராவும் ஒரே நொடியில் பில் போட்டால் இரண்டு பேருடைய கணினியும் ஒரே கடைசிப் பில்லைத்தான் பார்க்கும், இரண்டும் ஒரே எண்ணைத்தான் போடும். அப்படித்தான் துணுக்காய் கமக்காரர் சங்கத்துக்கும் ஒரு கட்டட ஒப்பந்தகாரருக்கும் ஒரே எண்ணில் இரண்டு பில் போனது. ஒப்பந்தகாரர் சாமான் திருப்ப வந்தபோது சங்கத்தின் பில் திறந்தது, பெரிய கரைச்சல். வற் வரி கட்டுகிற கடை இது. ஒரே எண்ணில் இரண்டு பில் இருக்கவும் கூடாது, எண் வரிசையில் ஓட்டை விழவும் கூடாது என்று கணக்காய்வாளர் சத்தம் போட்டார். சுகிர்தன் ஒரே நாளில் வந்து ஏதோ மாற்றிவிட்டுப் போனான். அதன் பிறகு ஒரே எண் இரண்டு முறை வந்ததே இல்லை. எல்லாருக்கும் சந்தோசம். அவன் என்ன மாற்றினான் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை பிரேமிளா வழக்கத்துக்கு முன்னரே கடைக்குப் போய்விட்டாள். காவலாளிதான் கதவு திறந்துவிட்டார். லக்சிகாவும் கலிஸ்ராவும் இன்னும் வரவில்லை. அவள் தன் கணினியைப் போட்டுக் கதிரையில் இருந்த கையோடு, கண்டாவளையில் இருந்து ஒரு ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பிள்ளை, ரண்டு அங்குல மோட்டர் ஒண்டு, பதினெட்டுப் பைப், பசை, வால்வு எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும் எண்டு ஒருக்காப் பாருங்கோ."

வாசல் கவுண்டரில் இது கிழமைக்கு இரண்டு மூன்று முறை நடக்கிற விசயம். முழுத் தொகையையும் விலைக்கழிவு போட்டுச் சொல்லக் கணினியில் வேறு இடம் கிடையாது. புதிய பில்லைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்து, சாமானெல்லாம் அடித்து, வருகிறதைச் சொன்னால், வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டில் கதைத்துவிட்டு வருகிறேன் என்று போவார். அவள் அந்தப் பில்லைச் சேமிக்காமல் மூடிவிடுவாள். பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்ட சாமானையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பாள். விலை இறங்கினால் கூப்பிட்டுச் சொல்லலாம். அது அவளே ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். கடைக்கு அந்தக் கொப்பியால் எத்தனையோ வியாபாரம் வந்திருக்கிறது.

அந்த ஐயாவும் அப்படியே கேட்டுக்கொண்டு போனார். அவள் பில்லை மூடினாள். மூடும்போது திரையின் வலது மூலையில் இருந்த எண் கண்ணில் பட்டது. 6412. அடுத்ததாக ஒரு பெடியன் மண்வெட்டிப் பிடி வாங்க வந்தான். புதிய பில் திறந்தாள். 6413.

அவளுடைய கை அப்படியே நின்றது.

மூன்று கவுண்டரிலும் வேலை நடக்கும்போது எண் தாண்டிப் போவது யாருக்கும் வித்தியாசமாகப் படாது. பன்னிரண்டை லக்சிகா போட்டிருப்பாள், பதின்மூன்று எனக்கு என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் அன்றைக்கு மற்ற இரண்டு கணினியும் போடவே இல்லை. கடையில் பில் திறந்தது அவள் ஒருத்தி மட்டும்தான். அப்படியென்றால் 6412 எங்கே? அந்த எண்ணில் ஒன்றும் விற்கவில்லை, ஒன்றும் அழிக்கவில்லை. விலை கேட்டுக்கொண்டு போன மனிசனோடு எண்ணும் போய்விட்டது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பைப் அடுக்குக்குப் பின்னால் இருந்து, கடிதத்தோடு வந்த பட்டியலையும் தன் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஆறாம் திகதி பதினொன்று இருபது, கொப்பியில் ஆறாம் திகதி துணுக்காய் ஐயா, முள்ளுக்கம்பி. ஒன்பதாம் திகதி இரண்டு எண்கள், கொப்பியில் இரண்டு பேர். முப்பத்தேழில் இருபத்தொன்பது சரியாகப் பொருந்தியது. மிச்சம் எட்டும் பெயர் சொல்லாமல் போனவர்களாக இருக்க வேண்டும். தன்னுடைய கவுண்டரில் மட்டும் ஏன் இத்தனை என்பதும் இப்போது விளங்கியது. வாசலில் இருக்கிறவளிடம்தானே எல்லாரும் விலை கேட்கிறார்கள்!

கொப்பியைத் தூக்கிக்கொண்டு ரஜிதனிடம் ஓடினாள். அவன் அதை ஒரு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தான்.

"இதை நீங்கள் நேற்று வீட்டிலை இருந்து எழுதியிருக்கலாம்தானே அக்கா."

மூன்று மாதக் கொப்பி. எண்ணெய்க் கை பட்ட தாள், நாலு நிறப் பேனை, ஓரத்தில் வந்து வாங்கிவிட்டார் என்று போட்ட அடையாளங்கள். ஒரே இரவில் எழுதினாளாம்! பிரேமிளாவுக்கு அந்தக் கொப்பியாலேயே அவன் முகத்தில் ஒன்று போட வேண்டும் போல இருந்தது. போடவில்லை. நேரே கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு முதலாளிக்கு முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி, நாளைக்குக் காலமை கடை திறக்க முதல் எனக்குக் கால் மணித்தியாலம் தாங்கோ. நீங்களும் நிக்கவேணும், ரஜிதனும் நிக்கவேணும். அதுக்குப் பிறகும் நான்தான் களவெடுத்தனான் எண்டால் நானே வீட்டை போறன்."

தில்லைநாதன் அறுபத்தெட்டு வயது மனிதர், கணினியைத் தொட்டதே இல்லை. "சரி, பிள்ளை," என்றார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு எல்லாரும் முதலாம் கவுண்டரைச் சுற்றி நின்றார்கள். பிரேமிளா மற்ற இருவரையும் தங்கள் கணினிகளுக்குக் கிட்டப் போகவே வேண்டாம் என்று சொல்லி வாசலில் நிற்கவைத்தாள். முதல்நாள் கடைசியாகப் போட்ட பில்லின் பிரதியை மேசையில் வைத்தாள். எண் 6487.

"ரஜிதன் தம்பி, நீங்கள் வந்து இருங்கோ," என்றாள். அவன் முகாமையாளர் ஆன நாளில் இருந்து சேர் என்றுதான் கூப்பிட்டு வந்தாள். அன்றைக்குச் சேர் வரவில்லை. "நான் கை வைக்க மாட்டன். புதுப் பில்லைத் திறவுங்கோ."

அவன் திறந்தான். மூலையில் 6488.

"இப்ப ஒண்டும் அடிக்காமல் மூடுங்கோ."

மூடினான்.

"திரும்பத் திறவுங்கோ."

திறந்தான். 6489.

தில்லைநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"6488 எங்கை தம்பி?" என்று கேட்டாள் பிரேமிளா. "நீங்கள்தானே திறந்தனீங்கள். உங்கடை கையாலைதானே போச்சு. பொக்கற்றுக்குள்ளை இருக்கோ? எடுத்து மேசையிலை வையுங்கோ, எல்லாரும் பாப்பம்."

ரஜிதனுடைய கை தன்னை அறியாமல் சட்டைப் பைக்குப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டான். வாசலில் நின்ற கலிஸ்ரா சிரிப்பை அடக்க முடியாமல் வீதிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

முதலாளி சுகிர்தனுக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லிச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். மறுமுனையில் பொடியன் பேச்சு மிகச் சாதாரணமாக இருந்தது.

"ஓம் ஐயா, புதுப் பில் திறந்த உடனை சேர்வர் ஒரு நம்பரைக் குடுக்கும். ஒருத்தருக்குக் குடுத்ததை மற்றவருக்குக் குடுக்காது, அதாலைதான் இப்ப ஒரே நம்பர் ரண்டு தரம் வாறேல்லை. சேமிக்காமல் மூடினால் அந்த நம்பர் அப்பிடியே போயிடும். அது தெரிஞ்ச விசயம்தானே."

"ஆருக்குத் தெரிஞ்ச விசயம்?" பிரேமிளா தொலைபேசிக்குக் கிட்டப் போனாள். "தம்பி, முப்பத்தேழு நம்பர் பட்டியல் நீங்கள்தானே குடுத்தனீங்கள்?"

"ஓம் அக்கா. எந்த நம்பரை எந்தக் கவுண்டர் எப்ப கேட்டது எண்டு சேர்வரிலை பதிவு இருக்கு. அதிலை பில் இல்லாத நம்பரை எடுத்துத் தரச்சொல்லி சேர் கேட்டவர். பட்டியல் மட்டும்தான் கேட்டவர்."

பட்டியல் மட்டும்தான் கேட்டாராம். அது எதனால் வந்த பட்டியல் என்று ஒருவன் கேட்கவில்லை, மற்றவன் சொல்லவில்லை. இரண்டு படித்த வாய்கள் மூடிக் கிடந்ததற்கு நடுவில் ஒருத்தியின் பாக்கைத் திறந்து கொட்டினார்கள். பிரேமிளாவுக்கு அழுகை வந்தது. அழுதால் இவர்கள் அதையும் வேறுமாதிரி எழுதிக்கொள்வார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ரஜிதன் இருமிக்கொண்டு எழும்பினான். "சரி மாமா, விளங்கீற்றுது. வெறுமையாய்க் கிடக்கிற நம்பருகளுக்குச் சின்னச் சின்னதாய் ஒவ்வொரு பில் போட்டு நிரப்பிவிட்டால் கணக்காய்வாளருக்கும் பிரச்சினை வராது."

"இல்லாத ஆளுக்கு, விக்காத சாமானுக்கு, முடிஞ்சுபோன திகதியிலை பில்லோ?" பிரேமிளாவின் குரல் வாசல் வரைக்கும் போனது. "செய்யாத களவைச் செய்தனான் எண்டு செவ்வாய்க்கிழமை சொன்னீங்கள். வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு உண்மையான களவைச் செய்யச் சொல்லுறீங்களோ?"

"வாயை மூடு ரஜிதன்," என்றார் தில்லைநாதன். அந்தக் கிழமையில் அவர் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. சுகிர்தன் வவுனியாவில் இருந்து காலைப் பஸ்ஸில் வந்தான். பிரேமிளாவும் வந்திருந்தாள், யாரும் கூப்பிடவில்லை. இந்த முறை என்ன மாற்றுகிறான் என்று கேட்காமல் விடுவதில்லை என்ற முடிவோடு ஒரு கதிரையை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"பில் திறக்கேக்கை நம்பர் குடுக்காதேங்கோ," என்றாள். "அச்சடிச்ச புத்தகத்திலை நம்பர் முதலே இருக்கும், ஆனால் தாள் கையிலை இருக்கும். பிழைச்சாலும் தாளைக் காட்டலாம். இஞ்சை மூடினால் காட்ட ஒண்டும் இல்லையே."

"ஓம் அக்கா. இனிச் சேமிக்கேக்கைதான் நம்பர் வரும்," என்றான் சுகிர்தன். "அதுவரைக்கும் மூலை வெறுமையாய் இருக்கும். விலை கேட்டுப்போட்டுப் போறவைக்கு நம்பரே போகாது."

"மூண்டு பேரும் ஒரே நேரத்திலை சேமிச்சால்? பழையபடி ஒரே நம்பர் வராதோ?"

"கடைசி நம்பரைச் சேர்வரிலை ஒரே ஒரு இடத்திலை எழுதி வைக்கிறன். முதல் ஆர் சேமிக்கிற பொத்தானை அமத்தினாலும் அந்த இடம் அவருக்காகப் பூட்டுப்படும். அதிலை ஒண்டைக் கூட்டி, பில்லையும் எழுதி முடிச்ச பிறகுதான் பூட்டுத் திறக்கும். மற்ற ரண்டு பேரும் அதுவரைக்கும் காத்து நிப்பினம். கண் வெட்டுற நேரம்தான், ஒருத்தருக்கும் தெரியாது."

"எழுதிக்கொண்டிருக்கேக்கை கரண்ட் போனால்?"

பொடியன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை போலும்.

"நம்பரைக் கூட்டுறதும் பில்லை எழுதுறதும் ஒரே வேலை எண்டு சேர்வருக்குச் சொல்லிவைக்கிறன். ரண்டும் முடிஞ்சால்தான் பதிவாய் நிக்கும். பாதியிலை போனால் ரண்டும் இல்லாமல் போய், நம்பர் பழைய இடத்துக்கே வந்திடும். அடுத்த பில்லுக்கு அதே நம்பர் போகும். அதுக்கும் மேலாலை, ஒரே நம்பர் ரண்டாந்தரம் வந்தால் சேர்வரே ஏற்காத மாதிரியும் ஒரு காவல் போடுறன்."

"அந்த அழிக்கிற பொத்தானை எடுங்கோ."

"அப்ப பிழையாய்ப் போட்ட பில்லை என்ன செய்யிறது?"

"இரத்து எண்டு போடவேணும். நம்பரும் இருக்கவேணும், பில்லும் இருக்கவேணும், ஏன் எண்ட காரணமும் ஆர் செய்தது எண்டதும் இருக்கவேணும். அந்த நம்பர் வேறை ஒருத்தருக்கும் போகக் கூடாது. புத்தகக் காலத்திலை நாங்கள் செய்ததுதான்."

அவன் எழுதிக்கொண்டான். பின்னேரம், கடையின் உண்மையான பில்களைத் தொடாமல், ஒரு பிரதி எடுத்து வைத்துச் சோதித்தார்கள். அவளும் அவனும் முதலாளியும் மூன்று கவுண்டரிலும் இருந்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி ஒன்றாக அமத்தினார்கள். இருபது தரம். ஒரு எண் இரட்டிக்கவில்லை, ஒரு எண் தாண்டவில்லை. விலை பார்த்துவிட்டு மூடினார்கள், எண் அசையவில்லை. நடுவில் பிரேமிளா தானே எழும்பிப் போய் அலுவலக அறைக் கணினியின் பிளக்கை இழுத்துவிட்டாள். சுகிர்தன் ஐயோ என்று தலையில் கை வைத்தான். திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். பாதியில் நின்ற பில் இல்லை, அதன் எண் அடுத்த பில்லில் வந்து இருந்தது.

பழைய ஓட்டைகளை யாரும் நிரப்பவில்லை. வியாழக்கிழமை ரஜிதன் வீணாக்கிய எண்களும் அந்தக் கிழமையில் போன மற்றவையும் சேர்ந்து மொத்தம் அறுபத்தொன்று. எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எடுத்து, திறந்த நேரம், கவுண்டர், காரணம் எழுதி, முதலாளியின் ஒப்பத்தோடு கணக்காய்வாளருக்கு அனுப்பினார்கள். பிரேமிளாவின் கொப்பியின் பிரதியும் கூடப் போனது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தில்லைநாதன் அவளை உள்ளே கூப்பிட்டார். கடிதக் கோப்பை விரித்து வைத்திருந்தார். பதினான்காம் கடிதத்தின் பிரதி மேலே கிடந்தது, அடியில் அவளுடைய ஒப்பம். பக்கத்தில் ரஜிதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மனசிலை வைச்சிருக்காதையும் பிள்ளை," என்றார் முதலாளி. "ஏதோ தெரியாமல் நடந்துபோச்சு. இந்தா, உமக்கு முன்னாலையே கிழிச்சுப் போடுறன். அதோடை விடுவம்."

தாளை இரண்டு கையாலும் பிடித்தார்.

"கிழியாதேங்கோ!"

அவர் திகைத்து நிமிர்ந்தார். "ஏன்? உமக்கு எதிரான கடிதமெல்லோ."

"பதின்மூண்டு இருக்கும், பதினைஞ்சு இருக்கும்," என்றாள் பிரேமிளா. "நடுவிலை பதினாலு எங்கை எண்டு நாளைக்கு ஒருத்தர் கேப்பார். அப்ப நீங்களோ நானோ இருக்கிறமோ தெரியாது. இல்லாத கடிதத்திலை அவரவர் தங்கடை மனசிலை உள்ளதை எழுதுவினம், என்ரை முப்பத்தேழு பில்லிலையும் எழுதின மாதிரி. எனக்கு அது வேண்டாம். குறுக்கை ரண்டு கோடு போடுங்கோ. இரத்து எண்டு எழுதுங்கோ. ஏன் எண்டும் எழுதுங்கோ. ஒப்பம் வைச்சு அதே இடத்திலையே கோத்து வையுங்கோ."

தில்லைநாதன் சிவப்புப் பேனையை எடுத்துக் கோடு போட்டார். காரணம் எழுதத் தொடங்கி நிறுத்தி, அவளைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரே எழுதினார். பில் எண்கள் குறைந்தது கணினி முறையின் பிழை, அதை விசாரிக்காமல் குற்றம் சாட்டியது எங்கள் பிழை, இந்த அம்மா மேல் எந்தக் குறையும் இல்லை. ஒப்பம் வைத்துவிட்டுப் பேனையை ரஜிதனிடம் நீட்டினார். அவனும் வைத்தான்.

"இப்ப சரியோ பிள்ளை?"

"இன்னும் இல்லை முதலாளி."

அவள் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ரஜிதன் பின்னால் வந்தான். மணி பத்தேகால் ஆகிக்கொண்டிருந்தது. கவுண்டருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். புதன்கிழமை விலை கேட்டுக்கொண்டு போன கண்டாவளை ஐயாவும் மோட்டர் வாங்க வந்து நின்றார். பிரேமிளா தன் கைப்பையை எடுத்து, அன்றைக்கு அதைக் கொட்டிய அதே இடத்தில் வைத்தாள். தாளை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் வாசித்தான், உதடு மட்டும் அசைய.

"சத்தமாய் வாசியுங்கோ தம்பி," என்றாள் பிரேமிளா. "அண்டைக்கு உங்கடை சத்தம் றோட்டு வரைக்கும் கேட்டது."